தண்ணீர் கூடினாலும் ஏழு ஏழுதான்

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணாகட்டும், மேலூர் பக்கத்துச் செம்மண்ணாகட்டும், மண் பரிசோதனைக்கூடத்தில் சாம்பல் சத்தை அளக்க வழக்கமாக எடுப்பது அம்மோனியம் அசிட்டேட் கரைசலைத்தான். 5 கிராம் மண்ணில் 25 மில்லி ஊற்றி 5 நிமிடம் குலுக்குவார்கள். மண் துகளில் ஒட்டியிருக்கும் பொட்டாசியத்தைத் தள்ளிவிட்டு அம்மோனியம் அங்கே உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டிய நீரைச் சுடர் ஒளிமானியில் வைத்தால் பொட்டாசியத்தின் அளவு தெரிந்துவிடும்.

இந்தக் கரைசலின் பி.எச். 7 ஆக இருக்க வேண்டும். லிட்டருக்கு 77 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய 7 வரும். அதை நூறு மடங்கு நீர்த்தாலும் ஏறக்குறைய 7தான். சோடியம் அசிட்டேட் அப்படியில்லை. அதே செறிவில் 9.4 காட்டுவது, நூறு மடங்கு நீர்த்ததும் 8.4க்கு இறங்கிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு? சோடியம் வேடிக்கை பார்க்கும். அசிட்டேட் மட்டும் தண்ணீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கும். மிஞ்சும் ஹைட்ராக்சைடு கரைசலைக் காரமாக்கும். உப்பு குறைந்தால் அந்த ஹைட்ராக்சைடும் குறையும். அம்மோனியம் அசிட்டேட்டிலோ கொடுப்பவரும் வாங்குபவரும் உப்புக்குள்ளேயே இருக்கிறார்கள். அம்மோனியம் ஒரு புரோட்டானைக் கொடுத்து அம்மோனியா ஆகும். அசிட்டேட் அதை வாங்கி அசிட்டிக் அமிலம் ஆகும். இப்படி மாறுவது 1,000க்கு ஐந்தாறு பங்குதான். தண்ணீர் சேர்த்தால் மாறியதும் மாறாததும் ஒரே மடங்கில் நீர்க்கும். விகிதம் அப்படியே நிற்கும். பி.எச்.சைத் தீர்மானிப்பது அந்த விகிதமே.

சரியாக 7 என்பது ஒரு தற்செயல். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. எண் 4.76, அம்மோனியத்துக்கு 9.25, இரண்டின் நடுப்புள்ளி 7. ஃபார்மிக் அமிலத்தின் எண் 3.75 என்பதால் அம்மோனியம் ஃபார்மேட் 6.5இல் நிற்கும்.

தண்ணீருக்கு அசையாத இந்தக் கரைசல், ஜோடி பிசகினால் உடனே அசைந்துவிடும். பல கூடங்களில் உப்புக்குப் பதில் 57 மில்லி அடர் அசிட்டிக் அமிலத்தையும் 68 மில்லி அடர் அம்மோனியாவையும் சேர்த்தே கரைசல் தயாரிப்பார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் அடிக்கடி திறந்த அம்மோனியா பாட்டில் வாயுவை இழந்திருக்கும். அம்மோனியா நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தாலே பி.எச். 6.7க்கு வந்துவிடும், ஐந்து பங்கு குறைந்தால் 6. நடுப்புள்ளியில் இந்தக் கரைசலுக்குத் தாங்கும் சக்தி மிகக் குறைவு.

அதனால்தான் செய்முறையில் ஒரு வரிசை உண்டு. முதலில் 900 மில்லி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பி.எச். மீட்டரைப் பார்த்தபடி அம்மோனியாவோ அமிலமோ சொட்டுச் சொட்டாக விட்டு 7க்குக் கொண்டுவருவார்கள். லிட்டர் கோடு வரை மீதித் தண்ணீரை நிரப்புவது அதற்குப் பிறகுதான். கடைசியாக ஊற்றும் அந்த 100 மில்லி 7ஐக் கலைக்காது.