படுக்கையோடு தங்கிவிட்ட அட்டை

மருத்துவமனை வார்டுகளில் தவறு ஏன் நடக்கிறது என்று செவிலியர்களைக் கேட்டுப் பாருங்கள். “வேலைப்பளு அதிகம்”, “ஆள் போதவில்லை”, “கம்யூனிகேஷன் சரியில்லை” என்பார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் அதை வைத்து நாளைக் காலை வார்டில் எதை மாற்றுவது?

இதே சிக்கலை ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் விமானப்படையில் சந்தித்தார். 1941இல் விமானப் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட 1,000 பேரைப் பற்றிய குறிப்புகளை அவரது குழு ஆராய்ந்தது. “இயல்பான திறமை இல்லை”, “மனப்பான்மை பொருந்தவில்லை” என்ற ரீதியில்தான் பல காரணங்கள் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பையன் விமானத்தை இறக்கும்போது என்ன செய்தான், எதைச் செய்யாமல் விட்டான் என்பதை அவற்றிலிருந்து அறிய முடியவில்லை. எனவே கருத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, நடந்ததைக் கேட்கும் முறையைப் போர்க்காலத்தில் அவர்கள் உருவாக்கினார்கள். 1954இல் ஃபிளானகன் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ‘கிரிட்டிகல் இன்சிடென்ட் டெக்னிக்’ எனப்படும் அந்த முறையைச் செவிலியர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இதில் பாதி வேலை முதல் கேள்வியிலேயே முடிந்துவிடும். “பொதுவாக எப்படிச் செய்வீர்கள்?” என்று தொடங்கினால் விதிமுறைப் புத்தகம்தான் பதிலாக வரும். “போன ரெண்டு மாசத்துல, நோயாளிக்கு மருந்து குடுக்குறப்ப நல்லதாவோ கெட்டதாவோ முடிஞ்ச ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்திச் சொல்லுங்க சிஸ்டர்” என்று கேட்க வேண்டும். காலம், செயல், விளைவு மூன்றும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. நல்லதையும் சேர்த்துக் கேட்பது முக்கியம். வெறும் தவறுகளைக் கேட்டால் அது விசாரணையாகிவிடும், எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார்.

ஒரு நேர்காணல் எப்படிப் போகும் என்பதைக் கற்பனையான ஓர் உதாரணத்தில் பார்ப்போம். சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காலையில் இன்சுலின் போட்டதாகவும், ஒரு மணி நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டி மயக்கம் வந்ததாகவும் ஒரு செவிலியர் சொல்கிறார். “ஹேண்ட்ஓவர் சரியா இல்லைங்க” என்று முடித்துக்கொள்கிறார். அனுபவமற்றவர் இதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தெரிந்தவர், “ஊசி போடறதுக்கு முன்னாடி எங்கே நின்னீங்க? என்ன பார்த்தீங்க?” என்று கேட்பார்.

அப்போதுதான் விவரம் வருகிறது. நோயாளிக்கு அன்று ஸ்கேன் இருந்தது, அதனால் காலை உணவு கிடையாது. ‘வெறும் வயிறு’ என்று எழுதிய அட்டை கட்டில் தலைமாட்டில் தொங்கியது. இரவில் அவரை ஜன்னலோரப் படுக்கைக்கு மாற்றியபோது, அட்டை மட்டும் பழைய கட்டிலிலேயே தங்கிவிட்டது. புதிய கட்டிலில் அட்டை இல்லாததால், அவர் சாப்பிடுவார் என்று நம்பி ஊசி போட்டார். வியர்த்ததும் சர்க்கரையைப் பார்த்தார்: 52. டாக்டரை அழைத்து, நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

‘கம்யூனிகேஷன் குறைபாடு’ என்றிருந்தது இப்போது, எச்சரிக்கை நோயாளியோடு போகாமல் கட்டிலோடு தங்கியது என்று ஆகிவிட்டது. இதைச் சரிசெய்ய முடியும்.

இப்படிச் சேரும் சம்பவங்களை ஒவ்வொன்றாகத் துண்டுத் தாளில் எழுதி, ஒத்தவற்றை ஒன்றாக அடுக்குகிறார்கள். வகைகளை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை, அடுக்க அடுக்கத்தான் அவை உருவாகின்றன. எப்போது நிறுத்துவது? புதிதாக 100 சம்பவங்கள் சேர்த்தும் புதிய நடத்தைகள் இரண்டோ மூன்றோதான் கிடைக்கின்றன என்றால் போதும் என்றார் ஃபிளானகன். எளிய வேலைகளுக்கு 50 அல்லது 100 சம்பவங்களே போதலாம். மேற்பார்வைப் பணிகளுக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படலாம்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. பரபரப்பானவைதான் நினைவில் நிற்கும். தினமும் சத்தமில்லாமல் நடக்கும் சிறு பிசகுகள் நழுவிவிடும். ஆகவே, சேர்ந்த சம்பவங்களில் இருபது மருந்து பற்றியவை என்றால், வார்டின் பிரச்சினைகளில் அதுவே பெரியது என்று சொல்லிவிட முடியாது. எவை நடக்கின்றன, எப்படி நடக்கின்றன என்பதை இந்த முறை காட்டும். எத்தனை முறை நடக்கின்றன என்பதற்கு வேறு கணக்கு வேண்டும். சொல்பவர் காலத்தையும் இடத்தையும் வரிசையையும் தயங்காமல் சொன்னால் நினைவு தெளிவாக இருக்கிறது என்று கொள்ளலாம். “எப்பவும் இப்படித்தான்” என்று நழுவினால் அதைச் சம்பவமாக எண்ணக்கூடாது.

ஆசிரியர்களிடமும் இதேதான். “மாணவர்களுக்கு அக்கறையில்லை” என்பது கருத்து. செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் பின்னங்களைக் கேட்டபோது ஒரு மாணவி என்ன எழுதினாள், ஆசிரியர் அடுத்து என்ன செய்தார் என்பது சம்பவம்.

உங்கள் மருத்துவமனையிலோ பள்ளியிலோ இதைச் செய்யப்போகிறீர்களா? யார் பெயரையும் எழுதிக்கொள்ளாதீர்கள், அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். மேட்ரனோ தலைமை ஆசிரியரோ அந்த அறையில் இருக்க வேண்டாம்.