காலித் தொட்டிக்குத்தான் கயிறு வேண்டும்!

சென்னையில் 60 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றின் உச்சிக்குப் போவோம், வாருங்கள்! ஒரு பக்கம் உறுமும் சில்லர்கள், மறுபக்கம் நீராவி கக்கும் கூலிங் டவர்கள், சுற்றிலும் லூவர் தடுப்பு. புயல் வந்தால் இவற்றில் எது முதலில் கிளம்பும் என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. எவ்வளவு சுவாரசியமான வேலை தெரியுமா!

காற்றிலிருந்து தொடங்குவோம். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. நகருக்குள் 60 மீட்டர் உயரத்தில் அது சுமார் 57 ஆகிவிடும். அழுத்தமாக மாற்றினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ! கூரைக் கருவிகளுக்கு அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 7 தரும் பெருக்கு எண்களைக் கடன் வாங்குவோம்: பக்கவாட்டில் 1.9, மேல்நோக்கி 1.5.

நம் கூலிங் டவர் 3 மீட்டர் சதுரம், 3.5 மீட்டர் உயரம் என்று வையுங்கள். காற்று பக்கவாட்டில் சுமார் 4 டன் தள்ளுகிறது; மேலே 2.7 டன் தூக்குகிறது. தண்ணீரோடு டவரின் எடை 4.5 டன். பழுதுபார்க்க வடித்துவிட்டால் வெறும் 2 டன், அதிலும் 90 சதவீதத்தைத்தான் கணக்கில் நம்பலாம். ஆக, காலி டவர் மிதக்கவே பார்க்கிறது! காற்று வரும் பக்கத்துக் கால்கள் இரண்டும் தலைக்கு சுமார் 1.4 டன் இழுப்பைத் தாங்க வேண்டும். அதே டவரை 1 மீட்டர் இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றினால், சட்டத்தின் அடியில் அந்த இழுப்பு 2 டன்னைத் தாண்டும். பாதுகாப்புப் பெருக்கம் இன்னும் சேர்க்கவில்லை. இயங்கும்போதுள்ள எடையை மட்டும் போட்டுத் திருப்தி அடையும் கணக்கை உடனே திருப்பி அனுப்ப வேண்டும்.

சரி, போல்ட் தாங்கும். அது பிடித்திருக்கும் கான்கிரீட் மேடை? இங்கேதான் எனக்குப் பரபரப்பு ஏறும்! பல கூரைகளில் அந்த மேடையை வாட்டர்ப்ரூஃபிங் பூச்சின் மேலேயே வார்த்துவிடுகிறார்கள். தளத்துக்குள் போகும் கம்பி ஒன்றுகூட இருக்காது. போல்ட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மேடையோடு சேர்ந்து டவர் நகரும். வரைபடத்தில் மேடையின் குறுக்குவெட்டைக் கேளுங்கள். போல்ட் மேடை விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் கான்கிரீட் ஓரம் பிய்ந்து வரும். அதையும் அளந்து பாருங்கள்.

சில்லர் கனமானது, ஆனால் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். சாதாரண ஸ்பிரிங் அழுத்தத்தைத்தான் தாங்கும், தூக்குவதைத் தடுக்காது. தடுப்புச் சட்டம் உள்ள ஸ்பிரிங்கே வேண்டும்.

லூவருக்கு இடைவெளி இருக்கிறதே என்று காற்றைக் குறைக்காதீர்கள். சோதனை அறிக்கை இல்லாவிட்டால் முழுப் பலகையாகவே எடுங்கள். அது மறைப்பதால் உள்ளே இருக்கும் டவருக்குச் சலுகையும் கிடையாது, ஏனென்றால் முதலில் பிய்வது லூவராகவே இருக்கலாம்.

அடுத்த பருவமழைக்கு முன், உங்கள் கூரையில் டவரின் அடி போல்ட்களில் நட்டுகள் முறுக்கியிருக்கின்றனவா, துரு தின்றிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.