முகத்தில் மங்கு, வயிற்றில் வரி, சீப்பில் முடி

ஐந்து மாதக் கர்ப்பிணியான ஒரு பெண் தம் மாமியாருடன் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வந்திருந்தார். வயது இருபத்தாறு, முதல் கர்ப்பம். இரு கன்னங்களும் சிவந்து, மெல்லிய இரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடையோரம் சிறு பருக்கள். வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்றார். "முதலில் கறுப்புதான் இருந்தது டாக்டர். ஒரு கிரீம் போட்டேன், நன்றாக வெளுத்தது. நிறுத்தினால் இப்படி ஆகிறது, மறுபடி போட்டால் சரியாகிறது" என்று கைப்பையிலிருந்து ஒரு சிறு டியூபை எடுத்து நீட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி, மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கியது. ஆறு வாரங்களாக நாள்தோறும் இரவில் பூசியிருக்கிறார்.

அந்த டியூபில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். அவை என்ன செய்தன என்பதைச் சொல்வதற்கு முன், முதலில் தோன்றிய அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதைச் செய்யும் செல்கள் மேல்தோலின் அடியில் ஆங்காங்கே அமர்ந்திருக்கின்றன. கர்ப்பத்தில் நச்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பெருமளவில் சுரக்கிறது. மெலனினைத் தூண்டும் ஹார்மோனும் கூடுகிறது. இவை சேர்ந்து நிறமிச் செல்களை முடுக்கிவிடுகின்றன. ஆகவே ஏற்கெனவே கருமை மிகுந்த இடங்களான மார்புக் காம்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகியவை மேலும் கறுக்கின்றன. தொப்புளுக்குக் கீழே மங்கலாக இருந்த கோடு கருங்கோடாகத் தெளிகிறது. கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் திட்டாகப் படரும் கருமையைத்தான் நம் வீடுகளில் மங்கு என்கிறோம். பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குப் பிறகே இது கண்ணுக்குப் படுகிறது. கறுத்தால் ஆண் குழந்தை, பொலிந்தால் பெண் குழந்தை என்பதில் உண்மை இல்லை. இரு கர்ப்பங்களிலும் சுரப்பவை ஒரே ஹார்மோன்கள்தாம்.

ஹார்மோன் முடுக்கிவிட்ட செல்லை வேலை வாங்குவது வெயில். சூரியனின் புறஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கைக் கூட்டுகிறது. வெளியே போவதே இல்லை என்று சொல்லும் பெண்களிடம் நாங்கள் மொட்டைமாடித் துணிக்கொடியைப் பற்றியும், சன்னலோர நாற்காலியைப் பற்றியும் கேட்பது அதனால்தான்.

இனி அந்த டியூப். ஹைட்ரோகுயினோன் மெலனின் உற்பத்தியை அடக்குவது. பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோல் வழியாக உடலுக்குள் சென்றுவிடும் என்பதால், குழந்தைக்குக் கேடு செய்ததாக நிறுவப்படாவிட்டாலும், கர்ப்பத்தில் இதைத் தவிர்க்கிறோம். டிரெட்டினாயின் வைட்டமின் ஏ வழி வந்தது. அதே இனத்து மாத்திரைகள் கருவின் உறுப்புகளைச் சிதைக்கக்கூடியவை. பூசும்போது உடலுக்குள் செல்வது மிகச் சிறிதளவே எனினும், தள்ளிப்போடக்கூடிய ஒரு சிகிச்சைக்காக அந்தச் சிறு ஐயத்தையும் ஏற்க வேண்டியதில்லை. மூன்றாவதான மொமெட்டசோன் ஒரு வீரியமான ஸ்டீராய்டு. அந்தப் பெண்ணின் முகத்தைச் சிவக்க வைத்தது அதுதான். முதல் இரண்டு வாரம் இது தோலை வெளுப்பாக, பளபளப்பாகக் காட்டும். பிறகு தோல் மெலியும், நாளங்கள் தெரியும், பரு வரும், சிலருக்குக் கன்னத்தில் பூனைமயிர் அடர்த்தியாகும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்கும். அதைத் தணிக்க மறுபடி அதையே பூசுவார்கள். "போட்டால் சரியாகிறது" என்ற அவருடைய சொற்களைக் கேட்டதுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கிரீமை அன்றே நிறுத்தினோம். மணமற்ற சாதாரண ஈரப்பசை கிரீம், முகத்துக்குச் சோப்பு வேண்டாம், எரியும்போது குளிர்ந்த ஈரத்துணி. இவ்வளவே முதல் மாத மருத்துவம். மூன்று வாரம் வரை சிவப்பு கூடித்தான் பிறகு அடங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தோம். சொல்லாவிட்டால் பத்தாம் நாள் பழைய டியூபைத் தேடிப்போவார்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று மாமியார் கேட்டார். முகத்தில் மட்டும் சிறிதளவு பூசியதால் பெரிய கவலை வேண்டாம் என்பதே எங்கள் மதிப்பீடு. ஐந்தாம் மாத ஸ்கேனும் சீராக இருந்தது.

சிவப்பு அடங்கியபின் மங்கு பழையபடி தெரிந்தது. துத்தநாக ஆக்சைடு கலந்த, தோல் நிறமேற்றிய வெயில்காப்புக் களிம்பைக் கொடுத்தோம். நிறமேற்றியது என்பது அலங்காரத்துக்காக அன்று. அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பட்டாணி அளவு தடவிவிட்டுப் பயனில்லை என்பவர்கள் பலர். குழந்தை பிறந்த சில மாதங்களில் பலருக்கு மங்கு தானே மங்கிவிடுகிறது. ஓராண்டுக்குப் பின்னும் நிற்பதற்கு அப்போது முறையாக மருத்துவம் செய்யலாம். மங்கு வந்த பெண்கள் பின்னாளில் கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையில் உள்ள ஹார்மோன் அதைத் திரும்ப அழைத்துவரும்.

உட்பொருள் எதுவும் அச்சிடாத வெளுப்பு கிரீம்களில் வேறோர் ஆபத்து உண்டு. அவற்றுள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகும் நோய் கண்டறியப்பட்டது. கர்ப்பிணிக்குக் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் தெரிந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது கர்ப்பகால இரத்தக்கொதிப்பைத்தான். முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று அவர் கேட்காமல் போகலாம், நீங்களே சொல்லிவிடுங்கள். பாதரசம் நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் அடையும்.

கழுத்துக் கருமை பற்றி ஒரு சொல். வெறுமனே நிறம் மட்டும் கூடியிருந்தால் அது ஹார்மோனின் வேலை. பீர்க்கங்காய் நார் கொண்டு தேய்த்தால் புண்தான் மிஞ்சும். ஆனால் பின்கழுத்துத் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் வரிவரியாக இருந்தால் அது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கக்கூடும். அவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அதே பெண் ஏழாம் மாதத்தில் வயிற்று வரிகளோடு வந்தார். தோல் விரிவது மட்டுமே வரிக்குக் காரணம் என்றால் இரட்டைக் குழந்தை சுமக்கும் எல்லோருக்கும் வர வேண்டும், அப்படி இல்லை. கர்ப்பத்தில் கூடும் கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் உட்தோலின் நார்களைத் தளர்த்துகின்றன. தளர்ந்த நார் இழுபடும்போது அறுகிறது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், விலையுயர்ந்த கிரீம் எதுவாயினும் வரியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வறட்சியும் அரிப்பும் தணிய எண்ணெய் தடவலாம். அதற்கு வீட்டு எண்ணெயே போதும். செந்நீலமாகவோ கருமையாகவோ தோன்றும் வரிகள் ஓரிரு ஆண்டுகளில் வெளிறிப் பள்ளமாகும், முற்றிலும் மறைவதில்லை.

ஆனால் "வயிறு விரிகிறது, அதான் அரிக்கிறது" என்ற சொல் எங்களை அச்சுறுத்துவது. வேறொரு தாய், எட்டாம் மாதம், இரண்டு வாரமாக இரவில் தூக்கமின்றிச் சொறிந்துகொண்டிருந்தார். வீட்டில் அனைவரும் வயிற்று வரியையே காரணம் காட்டினார்கள். வயிற்றைவிட உள்ளங்கையும் உள்ளங்காலும்தாம் அதிகம் அரிக்கின்றன என்பதை, கேட்ட பிறகே சொன்னார். உடலில் தடிப்போ கொப்புளமோ இல்லை. சொறிந்த கீறல்கள் மட்டுமே. சிறுநீர் மஞ்சளாகப் போயிருந்தது. இரத்தத்தில் பித்த அமிலம் 46 இருந்தது. கர்ப்பத்தில் 19-க்குள் இருக்க வேண்டியது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கல்லீரலிலிருந்து பித்தம் வடிவதை மந்தமாக்குவதால் வரும் நோய் இது. தாய்க்கு அரிப்போடு போய்விடும், குழந்தைக்கு அப்படியல்ல. குறைமாதப் பிரசவம் நேரலாம். பித்த அமிலம் நூறைத் தாண்டினால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அவருக்கு வாரந்தோறும் பரிசோதனையைத் திரும்பச் செய்து, 38-ஆவது வாரத்தில் மகப்பேறு மருத்துவர்கள் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை நலம்.

வயிற்று வரிகளின் மேலேயே சிவந்த தடிப்புகள் எழுந்து, தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு, தொடைக்குப் பரவும் அரிப்பு வேறு வகை. அது தொல்லை தருமே தவிர, குழந்தைக்குத் தீங்கு செய்யாது. தடிப்பில்லாத அரிப்பு, அதுவும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் மிகுந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் மறுநாளே வந்துவிடுங்கள்.

நம் முதல் பெண் மூன்றாம் முறை வந்தது குழந்தைக்கு நான்கு மாதமானபோது. குளித்த தண்ணீர்த் துளையில் சேர்ந்த முடியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள், நான்தான் சொன்னேனே" என்றார் மாமியார். காரணம் தவறு, காலக்கணக்கு மிகச் சரி.

தலைமுடி ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும். பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து உதிரும். அதனால்தான் யாருக்கும் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை விழுகிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் முடிகளை ஓய்வுக்குப் போகவிடாமல் வளர்ச்சியிலேயே பிடித்துவைக்கிறது. எட்டாம் மாதத்தில் பின்னல் தடித்துத் தெரிவது அதனால். பிரசவத்தன்று நச்சுக்கொடி வெளியேறியதும் அந்த ஹார்மோன் சரிகிறது. பிடித்துவைத்த முடிகள் எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன. மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. குழந்தை சிரிப்பதும் அதே காலத்தில். பாலூட்டுவதால் கொட்டுகிறது என்று எண்ணிப் பாலை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதனால் முடி நிற்பதில்லை.

இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் தானே நின்றுவிடும். அதைத் தாண்டியும் கொட்டினாலோ, உடன் களைப்பு, படபடப்பு, எடை மாற்றம் இருந்தாலோ இரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்ப்போம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவது அரிதன்று. வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு நோய். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. நெற்றியோரத்தில் அரை அங்குல நீளத்துக்குப் புதுமுடிகள் குத்திட்டு நின்றன. உடைந்த முடி என்று எண்ணி எண்ணெய் வைத்துப் படியவைத்திருந்தார். கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, அவை அனைத்தும் புதிதாக முளைத்தவை என்று காட்டினோம்.