ஏகூ என்றால் என்ன?

பெரியப்பாவிடமிருந்து ஒரு மாலை போன் வந்தது. எடுத்ததும் கேள்விதான். "ஏகூன்னா என்னடா?"

எழுபது தாண்டியவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் தன் பழைய மேக்புக்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருந்தார். இடையிடையே ஆங்கிலேயர் கால ஆவணங்களிலிருந்து ஆங்கில வரிகளையும் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு வரியில் the என்று அடித்திருக்கிறார். திரையில் 'ஏகூ' என்று விழுந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்தே நடந்ததை ஊகித்துவிட்டேன். விசைப்பலகை இன்னும் தமிழ் 99-இல் இருக்கிறது. அதில் t என்பது ஏ, h என்பது க, e என்பது ஊ. க-வும் ஊ-வும் சேர்ந்தால் கூ.

மேக்கில் தமிழைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டாம், எழுத்துருவும் உள்ளேயே இருக்கிறது. ஆப்பிள் மெனுவில் System Settings திறந்து, இடப்பக்கப் பட்டியலில் Keyboard என்பதற்குப் போக வேண்டும். அங்கே Text Input என்ற பகுதியில், Input Sources என்பதன் எதிரே Edit பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதன் கீழே உள்ள கூட்டல் குறியைத் தட்டி, மொழிப் பட்டியலில் Tamil தேர்ந்தெடுத்தால், அஞ்சல், தமிழ் 99 என்ற பெயர்கள் தெரியும். வேண்டியதைத் தொட்டு Add கொடுத்தால் முடிந்தது. Show Input menu in menu bar என்பதையும் அப்போதே போட்டுவிடுங்கள். இப்போது எந்த விசைப்பலகையில் இருக்கிறோம் என்று திரையின் மேல் ஓரத்திலேயே தெரியும்.

எதைச் சேர்ப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. அஞ்சல் என்பது ஒலிபெயர்ப்பு முறை. thamiz என்று அடித்தால் தமிழ் என்று வரும். வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்திலேயே தமிழ் அடித்துப் பழகியவருக்கு முதல் நாளே கை ஓடும். தமிழ் 99 அப்படியல்ல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரு வாரம் திணறத்தான் வேண்டும். ஆனால் பிறகு அடிக்கும் விசைகள் குறைந்துபோகும். பட்டம் என்பதற்கு jookf போதும். ட-வை இரண்டு முறை தட்டினால் முதல் ட-வுக்குப் புள்ளி தானே விழும். தங்கம் என்பதற்கு lbhkf. ங-வைத் தொடர்ந்து க வந்தால் அங்கேயும் புள்ளி தானாக வந்துவிடும். f-ஐத் தேட வேண்டியது கடைசி ம்-க்கு மட்டும்தான்.

இந்தத் தானியங்கிப் புள்ளி காலை வாரும் இடமும் உண்டு. பெரியப்பாவுக்குப் பப்பாளி எழுத வரவில்லை. "ப அடிச்சு ப அடிச்சா முதல் எழுத்துக்கே புள்ளி வச்சிடுதே, எந்தத் தமிழ்ச் சொல்லுடா ப்-ல ஆரம்பிக்கும்?" என்று தொல்காப்பியர் சார்பில் கோபப்பட்டார். தீர்வு எளிது. முதல் ப-வுக்குப் பிறகு அ-வை ஒருமுறை தட்ட வேண்டும். இது முழு எழுத்து, புள்ளி வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் அந்த அ. ஆக, பப்பாளிக்கு jajjqys. மமதைக்கு kaklr.

இனி மொழி மாற்றுவது. உண்மையில் எழுதுகிறவரின் பொறுமையைச் சோதிப்பது இதுதான். மேக் இதற்கு மூன்று வழி தருகிறது. கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துவது ஒன்று. உலக உருண்டை வரைந்த விசை, பழைய பலகையானால் fn, அதை மொழி மாற்ற ஒதுக்குவது இன்னொன்று. மூன்றாவது கேப்ஸ் லாக். Edit சாளரத்தில் Use the Caps Lock key to switch to and from ABC என்பதை இயக்கினால், ஒரு தட்டில் ஆங்கிலம், மறு தட்டில் தமிழ். எனக்குப் பிடித்தது இதுதான். இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேப்ஸ் லாக்குக்கு வேறு உருப்படியான வேலையும் கிடையாது. எல்லாம் பெரிய எழுத்தாக வேண்டுமென்றால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். மிக வேகமாகத் தட்டினால் மட்டும் சில நேரம் கேட்காது, கொஞ்சம் நிதானமாக அழுத்த வேண்டும்.

மூன்றையும் கலந்து பயன்படுத்தாதீர்கள். பெரியப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் அவருடைய சிக்கலின் வேர் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு ஆவணங்களைத் திறந்து வைத்திருந்தார். ஒன்றில் தமிழ் நூல், மற்றதில் ஆங்கிலக் குறிப்புகள். தமிழிலிருந்து ஆங்கிலச் சாளரத்துக்குத் தாவியதும், கடமை தவறாமல் கேப்ஸ் லாக்கைத் தட்டுகிறார். அடிக்கிறார். 'ஏகூ'. திருத்திவிட்டுத் தமிழ்ச் சாளரத்துக்குத் திரும்புகிறார், மறுபடி தட்டுகிறார். இப்போது தமிழ் என்று அடித்த இடத்தில் lks/f நிற்கிறது. கையில் பிழையே இல்லை. அவர் மாற்றுவதற்கு முன்பே மேக் மாற்றிவிட்டிருக்கிறது. அவர் தட்டியது அதைக் குலைத்திருக்கிறது.

Automatically switch to a document's input source என்று ஒரு வசதி அந்த Edit சாளரத்திலேயே இருக்கிறது. அது இயங்கும்போது, எந்த ஆவணத்தில் கடைசியாக எந்த மொழியில் எழுதினோம் என்பதை மேக் நினைவில் வைத்துக்கொண்டு, அந்தச் சாளரத்துக்குத் திரும்பியதும் அதே மொழியைக் கொண்டுவந்து நிறுத்தும். ஒரு ஆவணம் முழுக்கத் தமிழ், மற்றது முழுக்க ஆங்கிலம் என்று வைத்துக்கொள்பவருக்கு இது வரம். ஒவ்வொரு தாவலிலும் விசையைத் தட்டியே தீருவேன் என்பவருக்கு இதே வசதி எதிரி. பெரியப்பா இரண்டாவது ரகம். அணைத்துவிட்டேன். அணைத்தபின், தானாகத் தட்டினாலொழிய மொழி மாறாது; எந்தச் சாளரத்துக்குப் போனாலும் கடைசியாக வைத்ததே நிற்கும்.

இன்னொரு விஷயம் மிச்சமிருந்தது. தேதிகளை 12/5 என்று எழுதும் வழக்கம் அவருக்கு. தமிழ் 99-இல் சாய்கோட்டு விசை இருக்குமிடத்தில் ழ இருக்கிறது. ஆகவே நூல் நெடுகிலும் 12ழ5, 3ழ11 என்று தேதிகள். அரைப்புள்ளியின் இடத்தில் ந, சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் ச-வும் ஞ-வும். அந்தக் குறிகளுக்காக ஒரு நொடி ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். தேதிக்கு மட்டும் புள்ளியோ இடைக்கோடோ போட்டால் அந்த அலைச்சல் இல்லை. முற்றுப்புள்ளி, காற்புள்ளி இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நான் கிளம்பும் நேரத்தில், மடிக்கணினி பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்டது. பெரியப்பா கேப்ஸ் லாக்கைத் தட்டத் தூக்கிய விரலைப் பிடித்துக்கொண்டேன். கடவுச்சொல் பெட்டியில் மேக் தானாகவே ஆங்கிலத்துக்கு வந்துவிடும், அங்கே தமிழைத் தேர்ந்தெடுக்கவும் விடாது என்றேன். அவர் மேல் ஓரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ இங்கே ஏகூ வராதா?"

"வராது பெரியப்பா."