டிராயிங்கின் கீழ் மூலையில் ஒரு வரி

பம்பு ஷாஃப்ட் ஒன்றின் டிராயிங் அது. 30 மில்லிமீட்டர் விட்டத்தில் பேரிங் உட்காரும் இடம், அதை அடுத்து 36 மில்லிமீட்டருக்கு ஏறும் ஷோல்டர், மறுபக்கம் சர்க்ளிப் காடி, அப்புறம் ஷாஃப்டின் முனை. நீளம், விட்டம், காடியின் அகலம் எல்லாம் துல்லியமாகப் போட்டிருந்தார்கள். விளிம்புகளுக்கும் மூலைகளுக்கும் மட்டும் தனித்தனி அளவு எதுவும் இல்லை. தாளின் கீழ் மூலையில், பெயர்க் கட்டத்துக்கு மேலே, ஒரே ஒரு வரி: தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லா ஃபில்லட்டும் R1, எல்லா சாம்ஃபரும் 1×45°. அதற்குப் பக்கத்தில் ISO 2768-m.

நான் அப்போது ஒரு சிறு பட்டறையில் தரப் பரிசோதனை பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாஃப்டுகளை அளந்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் பம்பு கட்டுகிற இடத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். பேரிங்கை ஏற்றிய பிறகு சர்க்ளிப் காடிக்குள் விழவில்லை. சில ஷாஃப்டில் விழுகிறது, சிலவற்றில் விழவில்லை. காடியின் இடம் தப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திரும்ப அளந்தோம், காடி சரியான இடத்தில்தான் இருந்தது. தப்பு, யாரும் அளவு போடாத அந்த உள்மூலையில் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் இந்த இரண்டு வார்த்தைகளையும் தெளிவாக்கிவிடுகிறேன். வெளி விளிம்பின் கூர்மையைச் சாய்வாகச் சீவிவிடுவது சாம்ஃபர். விட்டம் மாறுகிற உள்மூலையைச் செங்குத்தாக விடாமல் வளைவாக நிரப்பி விடுவது ஃபில்லட். ஒன்று இரும்பை எடுக்கிறது, மற்றது இரும்பை விட்டுவைக்கிறது.

1×45° என்பதில் அந்த 1 எதை அளக்கிறது என்பதில்தான் புதிதாக வருகிற டர்னர்கள் தடுமாறுவார்கள். அது சாய்ந்த முகத்தின் அகலம் இல்லை. ஷாஃப்டின் நீளவாக்கில் 1 மில்லிமீட்டர், ஆரத்தின் திசையில் 1 மில்லிமீட்டர். சாய்ந்த முகத்தை அளந்தால் 1.41 வரும். முகத்தை அளந்து 1 என்று வைத்துக்கொண்டால் உண்மையான சாம்ஃபர் 0.7 தான் ஆகியிருக்கும். வெர்னியர் வைத்துப் பார்க்க எளிய வழி, முனையின் சின்ன விட்டத்தை அளப்பது. 30 விட்டத்தில் இரண்டு பக்கமும் 1 போனால் முனையில் 28 இருக்க வேண்டும்.

அடுத்தது, அந்த 1 எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது. ISO 2768-m என்று போட்டுவிட்டால், 0.5 முதல் 3 வரையிலான சாம்ஃபருக்கும் வெளி வளைவுக்கும் கூட்டியோ குறைத்தோ 0.2 வரை அனுமதி. ஆகவே 0.8 முதல் 1.2 வரை எதுவும் பாஸ். ஆனால் அந்த அட்டவணை வெளி விளிம்புகளைப் பற்றித்தான் பேசுகிறது. உள்மூலை ஃபில்லட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பட்டறைகளில் பெரும்பாலும் அதே 0.2-ஐ உள்மூலைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வைத்துக்கொண்டோம். எங்கள் ஷாஃப்டுகளில் ஃபில்லட் 1.1, 1.2 என்று வந்திருந்தது. ரேடியஸ் கேஜில் பார்த்து நானே சரி என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது அங்கே உட்கார வேண்டிய பேரிங்கைப் பாருங்கள். எண் 6206. உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. கேட்டலாக்கில் அதன் மூலை வளைவுக்கும் ஓர் அளவு உண்டு, குறைந்தது 1.0 என்று. 'குறைந்தது' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். பேரிங்கின் மூலை 1.0-க்குக் கீழே போகாது, மேலே போகலாம். அதனால் ஷாஃப்டின் ஃபில்லட்டுக்கு அதே கேட்டலாக் 'அதிகபட்சம் 1' என்று சொல்கிறது. பொதுக் குறிப்பு R1 என்கிறது, கேட்டலாக்கும் 1 என்கிறது. இரண்டும் ஒத்துப்போவது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குறிப்பில் இருக்கும் 1 நடு அளவு, கேட்டலாக்கில் இருக்கும் 1 மேல் எல்லை. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதுதான் ஆபத்து.

1.2 ஃபில்லட் என்றால் வளைவு ஷோல்டரிலிருந்து 1.2 தள்ளித்தான் 30 விட்டத்தோடு போய்ச் சேரும். 1.0 மூலையுள்ள பேரிங் இறுக்கமாக ஏறி வந்தால் அந்த வளைவின் தொடக்கத்திலேயே முட்டி நின்றுவிடும். ஷோல்டருக்கும் பேரிங்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.2 இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருக்கும். சர்க்ளிப் தடிமன் 1.5, காடி அகலம் 1.6. விளையாட இருப்பதே 0.1 தான். பேரிங் 0.2 தள்ளி நின்றால் சர்க்ளிப் எங்கே விழும்? சிலவற்றில் விழுந்ததற்குக் காரணம், அந்த பேரிங்குகளின் மூலை 1.0-ஐவிடப் பெரிதாக இருந்திருக்கும், அல்லது அகலம் 16-க்குக் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒரு பேரிங்கை மாட்டிப் பார்த்து 'சரியாக உட்காருகிறது' என்று முடிவு கட்டுவது இதனால்தான் சோதனையே ஆகாது.

மூலை விளங்கிய பிறகு அந்த ஒற்றை வரியை ஷாஃப்டின் ஒவ்வொரு விளிம்பிலும் வைத்துப் பார்த்தேன். ஷோல்டரின் உயரம் 36-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, 3 மில்லிமீட்டர். பேரிங்கைத் தாங்க வேண்டிய முகம் அதுதான். அதன் மேல் விளிம்பில் பொதுக் குறிப்பின்படி 1 சாம்ஃபர் போய்விட்டால், தட்டையாக இருப்பது 2 வரைதான். அடியில் பேரிங்கின் மூலை வளைவு ஆரத் திசையில் 1.5 வரை போகலாம் என்று பேரிங் தரநிலை அனுமதிக்கிறது. ஆக இரும்பும் இரும்பும் உண்மையில் தொடுவது 1.5-க்கும் 2-க்கும் இடையே அரை மில்லிமீட்டர் வளையம். சாம்ஃபர் 1.2 ஆக வந்தால் அதுவும் 0.3 ஆகிவிடும். பம்பு தள்ளுகிற அச்சு விசை முழுவதையும் அந்த மெல்லிய வளையம் தாங்க வேண்டும். ஷோல்டர் விளிம்புக்கு 0.3 சாம்ஃபர் போதும் என்று எழுதியிருந்தால் தொடும் அகலம் 1.2 கிடைத்திருக்கும்.

சர்க்ளிப் காடிக்கு வந்தபோதுதான் எனக்கு உண்மையில் பதற்றம் வந்தது. 30 ஷாஃப்டுக்கு காடியின் அடி விட்டம் 28.6. ஆழம் 0.7 மில்லிமீட்டர்தான். அதன் விளிம்பிலும் 'எல்லா சாம்ஃபரும் 1' என்று யாராவது உளியை வைத்தால், 1 மில்லிமீட்டர் சாம்ஃபர் 0.7 ஆழச் சுவர் முழுவதையும் தின்றுவிடும். சர்க்ளிப் சாய்ந்த பரப்பில் உட்கார்ந்து, சுமை வந்ததும் வழுக்கி வெளியே வரும். காடியின் அடி மூலையில் R1 என்பதோ கணக்கிலேயே நடக்காத காரியம்: 1.6 அகலத்துக்குள் இரண்டு பக்கமும் 1, 1 எப்படி அடங்கும்? எங்கள் டர்னர் அனுபவஸ்தர். டிராயிங் என்ன சொன்னாலும் காடி விளிம்பைக் கூர்மையாக விட்டு, பிசிறை மட்டும் எடுத்திருந்தார். அந்த வேலையைக் காப்பாற்றியது அவருடைய கை. டிராயிங் காப்பாற்றவில்லை.

காடிக்கும் ஷாஃப்ட் முனைக்கும் நடுவே நிற்கும் சுவருக்கு சர்க்ளிப் தரநிலை 2.1 மில்லிமீட்டர் கேட்கிறது. முனை சாம்ஃபர் 1 போனால் முழு விட்டத்தில் மிஞ்சுவது 1.1. பேரிங்கை வழிநடத்தி ஏற்ற முனையில் சாம்ஃபர் வேண்டும்தான். அதற்காக இந்தச் சுவரைப் பாதியாக்கக் கூடாது. ஒன்று சாம்ஃபரைக் குறைக்க வேண்டும், இல்லை ஷாஃப்டை நீட்ட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் ஃபோர்மேன், "அப்போ எல்லா ஃபில்லட்டையும் 0.3 ஆக்கிடலாமே தம்பி, எங்கேயும் இடிக்காதே" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சுழலும் ஷாஃப்ட் முறிவது பெரும்பாலும் இந்த மாதிரி விட்டம் மாறும் உள்மூலையில்தான். 36-லிருந்து 30-க்கு இறங்கும் படியில் R1 இருந்தால், வளைவுச் சுமையில் அந்த இடத்தின் அழுத்தம் சாதாரண இடத்தைப் போல் சுமார் 2 மடங்கு. R0.3 ஆக்கினால் சுமார் 2.6 மடங்கு. லட்சக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு விரிசல் அங்கே தொடங்கும். எனவே உள்மூலையில் இரண்டு எல்லைகள் வேண்டும்: பேரிங் இடிக்காமல் இருக்க ஒரு மேல் எல்லை, ஷாஃப்ட் முறியாமல் இருக்க ஒரு கீழ் எல்லை. பொதுக் குறிப்பால் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு அந்த மூலையில் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று தெரியாது.

நாங்கள் கேட்டு வாங்கிய திருத்தம் R0.6 முதல் R0.9 வரை. கையில் இருந்த டர்னிங் இன்சர்ட்டின் மூக்கு வளைவு 0.8, ஆகவே தனி புரோகிராம் எதுவும் இல்லாமலே அந்த மூலை தானாக வந்துவிடும். மூக்கு 1.2 இன்சர்ட்டைப் போட்டால் வராது. எந்த இன்சர்ட் என்பதையும் செட்டிங் தாளில் எழுதி வைத்தோம்.

பரிசோதனையையும் மாற்றிக்கொண்டேன். ரேடியஸ் கேஜை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்ப்பது வளைவின் உருவத்துக்குச் சரி, 0.9-க்கும் 1.1-க்கும் உள்ள வித்தியாசத்தை அது நிச்சயமாகச் சொல்லாது. பேரிங் ஏறிய பிறகு ஷோல்டர் பக்கம் 0.03 ஃபீலர் கேஜைச் சுற்றிலும் நுழைத்துப் பார்ப்பேன். எங்கேயும் நுழையக் கூடாது. சுற்றிலும் நுழைந்தால் ஃபில்லட் முட்டுகிறது. ஒரு பக்கம் மட்டும் நுழைந்தால் ஷோல்டர் கோணலாக இருக்கலாம், அல்லது நடுவே தூசோ பிசிறோ இருக்கலாம். சந்தேகம் வந்தால் பேரிங்கின் மூலையில் புருஷியன் ப்ளூ தடவி ஏற்றி இறக்குவேன். நீலம் ஷோல்டர் முகத்தில் படிந்தால் நல்லது. வளைவில் படிந்திருந்தால் அந்த ஷாஃப்ட் திரும்பவும் லேத்துக்குப் போகும்.

டிராயிங் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொதுக் குறிப்பை எழுதுங்கள், அது எதையும் தொடாத விளிம்புகளுக்கு உரியது. பேரிங், சர்க்ளிப், ஆயில் சீல் என்று எதையாவது தொடுகிற ஒவ்வொரு விளிம்புக்கும் மூலைக்கும் அளவையும் எல்லையையும் அந்த இடத்திலேயே போடுங்கள். எங்கள் ஷாஃப்டில் அப்படிப்பட்ட இடங்கள் ஐந்துதான். திருத்திய டிராயிங்கில் அந்த ஐந்துக்கும் அளவு வந்துவிட்டது. அதன்பின் அந்த ஷாஃப்ட் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.