ஏழு அட்டை எங்கே போனது?

மருந்துக் கடையின் இருப்புக் கணக்குக்கு அலமாரி தெரியாது. வாங்கிய பில்லைக் கூட்டும், விற்ற பில்லைக் கழிக்கும். பில் ஏறாத எதுவும் அதற்கு நடக்காத காரியம்தான். திருநெல்வேலியில் ஒரு கடையில் பயிற்சிக்குச் சேர்ந்த பெண்ணுக்கு இது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

பாராசிட்டமால் 650 மாத்திரை கணக்கில் 48 அட்டை இருந்தது. அவள் எண்ணியபோது 41. வியாபாரம் நடக்கும்போது எண்ணினால் எண்ணிக்கொண்டிருக்கையிலேயே சரக்கு போய்விடும் என்பதால், மறுநாள் கடை திறக்குமுன், கணக்கைப் பார்க்காமல் மீண்டும் எண்ணினாள். அப்போதும் 41தான்.

"ஏழு குறைவுன்னு எழுதிச் சரி பண்ணிடட்டுமா அண்ணாச்சி?"

"எழுதினா எண்ணு சரியாயிடும்மா. தப்பு அப்படியே இருக்கும். பக்கத்துத் தட்டையும் எண்ணு."

பக்கத்துத் தட்டில் அதே நிறுவனத்தின் 500 மாத்திரை. கணக்கில் 30, கையில் 34. ஒன்றில் குறைவும் அதன் ஜோடியில் கூடுதலும் வந்தால் முதல் சந்தேகம் பில் மாறியதன்மேல்தான் விழவேண்டும். அருகிலுள்ள கிளினிக்குக்குப் போன கடன் பில்லில் 500 என்று 4 அட்டை இருந்தது. அவர்கள் அனுப்பிய சீட்டில் 650. கொடுத்தது சரியான மருந்து, திரையில் தொட்டது தவறான வரி.

மிச்சம் 3 என்று அவள் நினைத்தாள். ஆனால் பின்னறையில், ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கிய காலாவதிப் பெட்டியில் 5 அட்டை கிடந்தது. காலாவதியானதை விற்கக்கூடாது என்பதால் அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பும் பதிவு போடாததால் கணக்கு அதை இன்னும் நல்ல சரக்காகவே எண்ணிக்கொண்டிருந்தது.

இப்போது 41, 4, 5 சேர்ந்து 50. குறைவைத் தேடப்போய் 2 கூடுதலாகிவிட்டது. பயிற்சியாளர்கள் குழம்பும் இடம் இதுதான். எதிரெதிரான இரண்டு பிழைகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். வெளியே தெரியும் வித்தியாசம் உண்மையானதைவிடச் சிறியதாக இருக்கும். பெரிய வித்தியாசத்தைவிட ஆபத்தானது இப்படிப் பாதி மறைந்த வித்தியாசம். அந்த வாரத்துக் கொள்முதல் பில்லை எடுத்தபோது விடை கிடைத்தது: 20 அட்டை வாங்கினால் 2 இலவசம். பதிந்தவர் 20ஐ மட்டும் ஏற்றி, இலவசக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

மூன்றையும் அதனதன் இடத்தில் திருத்தினாள். 48உடன் இலவசம் 2 கூட்டி, கிளினிக்குக்குப் போன 4ஐயும் காலாவதியான 5ஐயும் கழித்தாள். 500இன் கணக்கில் 4 கூடி 34 ஆனது. 650இன் கணக்கு 41இல் வந்து நின்றது.