உங்களுக்குத் தெரியுமா? – தோல் கட்டு வழியில் தொலைந்தால்

● ஆம்பூரில் கடல் இல்லை. ஆனால் இங்கிருந்து லாரியில் போகும் தோலுக்கு எடுக்கும் டிரான்சிட் பாலிசி, காப்பீட்டுக் கம்பெனியின் ‘மரைன்’ பிரிவில்தான் வரும். அதில் ஏ, பி, சி என மூன்று வகை. ‘பி’யில் தீ, மின்னல், பாலம் உடைவது, லாரி மோதுவது, கவிழ்வது போன்றவற்றுக்குத்தான் பணம். கட்டு காணாமல் போனால் ‘பி’ உதவாது. ‘ஏ’ வேண்டும், இல்லையென்றால் திருட்டு, சில்லறைக் களவு, ‘சரக்கு வந்து சேராமை’ ஆகியவற்றைத் தனியாகச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பிரீமியம் குறைகிறதே என்று ‘பி’ எடுப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எடுக்கட்டும்.

● திறந்த பாலிசி எடுத்தவர்கள் ஒவ்வொரு லோடையும் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். ‘தொலைந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்று விட்ட லோடுதான் கிளெய்மில் சிக்கும்.

● தொலைந்த தோலின் விலையைத் தீர்மானிப்பது பேக்கிங் லிஸ்ட்! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முடித்த ஆட்டுத்தோல் 50 கட்டு, கட்டுக்கு 200 சதுர அடி, மொத்தம் 10,000 சதுர அடி. இன்வாய்ஸ் 9 லட்சம் ரூபாய், அதாவது சராசரி அடிக்கு 90. சென்னையில் இறக்கும்போது 6 கட்டு குறைகிறது: 1,200 சதுர அடி. எந்தக் கட்டில் எந்தத் தரம் என்று லிஸ்டில் இல்லாவிட்டால் சர்வேயர் சராசரியைத்தான் எடுக்க முடியும்: 1,08,000 ரூபாய். இன்வாய்ஸுடன் 10 சதவீதம் சேர்த்துக் காப்பீடு செய்திருந்தால் 1,18,800. ஆனால் காணாமல் போனவை அடி 110 ரூபாய் விலையுள்ள முதல் தரக் கட்டுகள் என்று கட்டு எண்ணோடு லிஸ்ட் காட்டினால் 1,32,000. பத்து சதவீதத்தோடு 1,45,200. வித்தியாசம் 26,400 ரூபாய். கட்டின் மேல் மார்க்கரில் எழுதும் எண்ணும் லிஸ்டில் அதற்கு நேரே எழுதும் தரமும்தான் அந்தப் பணம்.

● கட்டு குறைந்தால் எல்.ஆர். நகலில் ‘6 கட்டு குறைவு’ என்று எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும். லாரி ஆபீஸிடம் குறைவுச் சான்று கேளுங்கள். திருட்டு என்றால் போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். குறிப்பு எழுதாமல் கையெழுத்திட்ட எல்.ஆர்., எல்லாம் சரியாக வந்தது என்று உங்களுக்கு எதிராகவே பேசும்.

● வெட் ப்ளூ தோல் தாமதத்தால் பூஞ்சை பிடித்தால், ‘ஏ’ பாலிசியும் பொதுவாகக் கைகொடுக்காது. தாமதத்தால் வரும் நஷ்டமும் பொருளின் இயல்பால் வரும் கேடும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன.

● சர்வே ரிப்போர்ட் கடைசித் தீர்ப்பு அல்ல. உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் அப்படித்தான் சொன்னது. ஆனால் அதை மறுக்க ஆவணம் வேண்டும். ‘சரக்கு நல்ல சரக்கு சார்’ என்ற வாய்வார்த்தை போதாது.

● நம் மாநிலத்து நூற்பாலை ஒன்று சர்வேயிலிருந்து வழக்கு வரை எல்லாவற்றையும் நேரில் அனுபவித்தது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் 1995 அக்டோபர் 6 அன்று 7,70,948 ரூபாய் மதிப்புள்ள பருத்தி நூலை எகனாமிக் டிரான்ஸ்போர்ட் வழியாகக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. லாரி விபத்தில் சிக்கிச் சரக்கு சேதமானது. சர்வேயர் கணித்த சேதம் 4,47,436 ரூபாய். நேஷனல் இன்சூரன்ஸ் 1996 பிப்ரவரி 9 அன்று அந்தத் தொகையைக் கொடுத்தது. அதே நாளில் மில், தன் உரிமையைக் கம்பெனிக்கு மாற்றித் தரும் ‘சப்ரோகேஷன்’ கடிதத்தில் கையெழுத்திட்டது. பிறகு லாரி நிறுவனத்தின் மேல் வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 பிப்ரவரியில் லாரி நிறுவனத்தின் முறையீடு தள்ளுபடியானது.

● லாரி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அந்த 180 நாள் தொலைந்த தேதியிலிருந்து அல்ல, புக்கிங் செய்த தேதியிலிருந்து! கிளெய்ம் பணம் வரட்டும் என்று காத்திருந்து இதைத் தவற விட்டால், கம்பெனி உங்களிடமிருந்து வாங்கும் உரிமைக்கு மதிப்பே இருக்காது. அதைக் காரணம் காட்டிக் கிளெய்மைக் குறைக்கவும் பார்ப்பார்கள். லாரி ஆபீஸோடு தனியாகப் பேசி, சிறு தொகை வாங்கி, ‘இனி பாக்கி இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாலும் இதே கதிதான். எல்.ஆர். வாங்கிய அன்றே அதன் தேதியோடு 180 நாளைக் கூட்டிக் காலண்டரில் குறித்து வையுங்கள்.